ஒரு ராத்திரிக்கு உண்மையில் எவ்வளவு?

மூலக்குளத்தில் எங்கள் வீட்டில் ஆறு பேர். கொடைக்கானல் போகலாம் என்று முடிவானதும், ஆளாளுக்கு ஒரு விடுதியின் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் போட்டார்கள். எது மலிவு என்று பார்க்க கூகுள் லென்ஸையும் ஷீட்ஸையும் சேர்த்துப் பயன்படுத்திப் பார்த்தேன். இரண்டும் இலவசம்.

படத்தை லென்ஸில் திறந்து, எண்களை விரலால் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் தட்டச்சு வேலை மிச்சம். ஆனால் படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் எந்தக் கருவியிலும் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ரூபாய்க் குறி சில சமயம் 2 அல்லது 7 ஆகிவிடும். 3,200 என்பது 23,200 ஆகும். கோடு போட்டு அடித்த பழைய விலையும் சேர்ந்து வரும். ஒட்டியதைக் கூட்டி, படத்தில் உள்ள மொத்தத்தோடு ஒத்துப்பாருங்கள்; பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அதற்கு, பணம் கட்டுவதற்கு முந்தைய திரையைத்தான் படம் எடுக்க வேண்டும். தேடல் பட்டியலில் பெரும்பாலும் வரி சேராத விலைதான் இருக்கும்.

ஷீட்ஸில் B வாடகை, C இரவுகள், D அறைகள், E துப்புரவுக் கட்டணம், F வரி என்று வைத்துக்கொண்டால் சூத்திரம் இதுதான்:

```
=(B2*C2*D2+E2+F2)/C2
```

ஒரு கணக்கு போடுவோம். ஓட்டலில் இரண்டு அறை, அறை 3,200 ரூபாய், இரண்டு இரவு: 12,800. வரி 640 சேர்த்தால் 13,440, இரவுக்கு 6,720. தனி வில்லா இரவுக்கு 5,500, துப்புரவுக்கு 1,500. இரண்டு இரவுக்கு வரி 625 சேர்த்து 13,125. இரவுக்கு 6,563 வருகிறது. அதே வில்லாவில் ஒரே இரவு தங்கினால் 7,350 ஆகிவிடும். துப்புரவுக் கட்டணம் எத்தனை இரவு தங்கினாலும் ஒரு முறைதான் என்பதால், நாள் கூடக்கூட வில்லா மலிவாகும். ஒரே ராத்திரிக்கு என்றால் ஓட்டல்தான் லாபம்.

வரியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம். வெள்ளி 6,800, சனி 8,200 என்றால் சராசரி 7,500. சராசரிக்கு 5 சதவீதம் போட்டால் வரி 750தான். ஆனால் இரவுவாரியாகக் கணக்கிட்டால் 340ம் 1,476ம், ஆக 1,816. திரையில் சராசரி விலை மட்டும் இருந்தால் வரியை நாமே போடாமல், அங்கே காட்டும் தொகையை அப்படியே F-இல் எழுதுவது நல்லது.

எண்ணை நகலெடுக்க லென்ஸ் போதும், கணக்குக்கு ஷீட்ஸ் போதும். இதற்கென்று காசு கொடுத்துத் தனிச் செயலி எதுவும் வாங்கத் தேவையில்லை.