கூடுதலும் பெருக்கற்பலனும் சொல்லாமல் விடுவது

12x² − 7x − 10 = 0 என்ற சமன்பாட்டின் மூலங்கள் எவை என்று ஒரு கொள்குறி வினா. கீழே நான்கு விடைகள்: (அ) 5/4, −2/3, (ஆ) −5/4, 2/3, (இ) 5/6, −1, (ஈ) 5/4, 2/3. காரணிப்படுத்தப் போகிறவர், பெருக்கினால் −120, கூட்டினால் −7 வருகிற இரண்டு எண்களைத் தேட வேண்டும். −15, 8 என்று சிலருக்குச் சட்டென்று கிடைக்கும். சிலருக்கு அரைப் பக்கம் ஆகும். தேடாமலே விடைக்குப் போகும் வழியைத்தான் இன்று எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லித் தருகிறார்கள். மூலங்களின் கூடுதல் −b/a, அதாவது 7/12. பெருக்கற்பலன் c/a, அதாவது −10/12. பெருக்கற்பலன் குறை எண் என்பதால் இரண்டும் மிகை எண்களாக உள்ள (ஈ) உடனே போய்விடுகிறது. (ஆ)வின் கூடுதல் −7/12, குறி தவறு. (இ)யின் பெருக்கற்பலன் சரியாகவே −5/6 வருகிறது. ஆனால் கூடுதல் −1/6. மிஞ்சுவது (அ).

இது ஊகம், தேர்வறைக்கான தந்திரம், கணிதமே அல்ல என்று முகம் சுளிக்கும் ஆசிரியர்களை அறிவேன். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. p, q என்ற இரண்டு எண்களின் கூடுதல் −b/a ஆகவும் பெருக்கற்பலன் c/a ஆகவும் இருந்தால், a(x − p)(x − q) என்பதை விரித்ததும் கிடைப்பது அதே ax² + bx + c தான். ஆகவே இரண்டும் பொருந்திவிட்டால் அந்த எண்களே மூலங்கள்; அதற்கு மேல் நிறுவ ஒன்றும் மிச்சமில்லை. விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது கூட இந்த அளவுக்கு உறுதி தராது. மேலே உள்ள வினாவில் x = 5/4 என்று போட்டுப் பார்த்துச் சுழி வந்ததும் நிறுத்திவிடும் மாணவருக்கு (அ)வும் (ஈ)யும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

உறுதி குலைவது ஒரு பாதியைச் செய்துவிட்டு மறுபாதியை விடும்போதுதான். அவசரத்தில் பெருக்கற்பலனை மட்டும் பார்ப்பவர் முதலில் கண்ணில் பட்ட விடையைக் குறித்துவிடுவார். வினா எடுப்பவர் (இ)யை அங்கே வைத்ததே அதற்காகத்தான். இந்தத் தவறு ஒரு தடவை சுட்டிக்காட்டினால் திருந்திவிடும். இதைவிட ஆழத்தில் வேறொரு தவறு இருக்கிறது. அதற்குப் போகும் முன் தன்மைகாட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை.

மூலங்களின் தன்மையைக் கேட்கும் வினாவுக்குச் சமன்பாட்டைத் தீர்க்கவே தேவையில்லை. b² − 4ac போதும். பல நேரங்களில் அதைக்கூடக் கணக்கிட வேண்டாம். 7x² + 113x − 19 = 0 என்பதில் முதல் கெழுவுக்கும் மாறிலிக்கும் எதிரெதிர்க் குறிகள். எனவே −4ac மிகை. b² ஒருபோதும் குறையாகாது. ஆக மூலங்கள் மெய்யானவை, சமமற்றவை, ஒன்று மிகை மற்றது குறை. 113-ஐ வர்க்கப்படுத்த உட்கார்ந்தவர் நேரத்தை இழந்தார், அவ்வளவுதான்.

ஆனால் வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது: ‘தன்மைகாட்டி முழுவர்க்கமானால் மூலங்கள் விகிதமுறு எண்கள்.’ கெழுக்கள் விகிதமுறு எண்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் எப்போதோ உதிர்ந்துவிட்டது. x² − √5x + 1 = 0 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தன்மைகாட்டி 5 − 4 = 1. முழுவர்க்கம். மூலங்களோ (√5 + 1)/2, (√5 − 1)/2. இரண்டும் விகிதமுறா எண்கள். ‘மெய், சமமற்றவை, விகிதமுறு’ என்ற விடையைக் குறித்துவிட்டு நிம்மதியாக அடுத்த வினாவுக்குப் போகும் மாணவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கொடுக்கப்பட்ட விதியே குறையுள்ளது. இங்கே கூடுதலை ஒரு கணம் பார்த்திருந்தால் போதும்: √5. இரண்டு விகிதமுறு எண்களைக் கூட்டினால் √5 வராது.

விடைகளைச் சரிபார்க்கும் பழக்கம், முழுமையாகத் தீர்ப்பவரையே காப்பாற்றும் இடமும் உண்டு. (k − 3)x² + 2(k − 3)x + 4 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் சமம் எனில் k என்ன? ஒழுங்காகத் தன்மைகாட்டியைச் சுழிக்குச் சமப்படுத்துபவருக்கு (k − 3)(k − 7) = 0 கிடைக்கும்; ‘3 அல்லது 7’ என்று குறிப்பார். விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவர் k = 3 என்று போட்டதும் 4 = 0 என்று வந்து நிற்பதைக் காண்பார். அங்கே x-ஏ இல்லை, சமன்பாடும் இல்லை. k = 7 போட்டால் 4x² + 8x + 4 = 0, மூலங்கள் இரண்டும் −1. சரியான விடை 7 மட்டுமே. குறுக்கு வழிக்காரர் என்று நாம் திட்டும் மாணவர் இங்கே கவனமான மாணவராகிவிடுகிறார்.

இனி அந்த ஆழமான தவறு. சில ஆண்டுகளாக வகுப்பில் நான் கொடுத்துவரும் ஒரு வினா: x² − 2kx + (k² + 4k − 6) = 0 என்பதன் மூலங்கள் α, β மெய்யெண்கள் எனில், α² + β² என்பதன் மீச்சிறு மதிப்பு எது? விடைகள் 4, 9/2, 6, 12.

நன்றாகப் பயிற்சி பெற்ற மாணவரின் கை தானாக ஓடும். கூடுதல் 2k, பெருக்கற்பலன் k² + 4k − 6. α² + β² என்பது கூடுதலின் வர்க்கத்திலிருந்து பெருக்கற்பலனின் இரு மடங்கைக் கழித்தது. எனவே 4k² − 2k² − 8k + 12, அதாவது 2(k − 2)² + 4. மீச்சிறு மதிப்பு 4, அது k = 2 என்னும்போது. விடைகளில் முதலாவதாகவே 4 இருக்கிறது. குறித்தாயிற்று.

k = 2 என்பதைச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். x² − 4x + 6 = 0. தன்மைகாட்டி 16 − 24 = −8. இதற்கு மெய்யெண் மூலங்களே இல்லை. மூலங்கள் மெய்யாக இருக்க 4k² − 4(k² + 4k − 6) சுழிக்குக் குறையக் கூடாது. சுருக்கினால் 6 − 4k ≥ 0, அதாவது k என்பது 3/2-ஐத் தாண்டக் கூடாது. அந்த எல்லைக்குள் 2(k − 2)² + 4 என்பது k = 3/2 என்னும் ஓரத்தில்தான் மிகச் சிறியதாகிறது. அங்கே சமன்பாடு (x − 3/2)² = 0; இரு மூலங்களும் 3/2; வர்க்கங்களின் கூடுதல் 9/2. சரியான விடை இதுதான். மற்ற இரண்டும் வெறும் நிரப்பிகள் அல்ல: k = 1 போட்டுப் பார்ப்பவருக்கு 6 கிடைக்கும், k = 0 போடுபவருக்கு 12. இரண்டிலும் மூலங்கள் மெய்யானவைதாம். மீச்சிறு மதிப்புதான் இல்லை.

“சார், மெய்யெண்கள்னு கேள்வியிலயே இருக்கே, அப்புறம் எதுக்குத் தனியாப் பார்க்கணும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. வினாவில் உள்ள ‘மெய்யெண்கள்’ என்ற சொல் k-க்குப் போடப்பட்ட வேலி. ஆனால் கூடுதல், பெருக்கற்பலன் ஆகிய இரண்டு சூத்திரங்களிலும் அந்த வேலிக்கு இடமே இல்லை. மூலங்கள் மெய்யானாலும் இல்லாவிட்டாலும் −b/a, c/a ஒரே மாதிரி வேலை செய்யும். k = 2 என்னும்போது மூலங்கள் 2 + √2i, 2 − √2i. அவற்றின் கூடுதல் 4, பெருக்கற்பலன் 6, வர்க்கங்களின் கூடுதல் 4. எல்லாம் மெய்யெண்கள், எல்லாம் ஒழுங்கானவை. மூலங்களை நேரில் பார்க்காதவருக்கு அவை மெய்யற்றவை என்று சொல்ல அங்கே ஓர் அடையாளமும் இல்லை.

இந்த உறவுகளுக்கு வியட்டாவின் பெயர் நிலைத்திருக்கிறது. 1603-இல் மறைந்த அந்தப் பிரெஞ்சு அறிஞர் மிகை மூலங்களை மட்டுமே மனத்தில் வைத்து எழுதினார். குறை எண்களையும், அன்று ‘இயலாதவை’ எனப்பட்ட மெய்யற்ற மூலங்களையும் சேர்த்துக்கொண்டு உறவுகளைப் பொதுவாகச் சொன்னவர் ஆல்பர்ட் ஜிரார். அவர் நூல் 1629-இல் வந்தது. மூலங்கள் எப்படிப்பட்டவை என்று கேளாமல் எல்லாவற்றுக்கும் பொருந்துவதுதான் அந்தப் பொதுமையின் வலிமை. என் மாணவி வழுக்கிய இடமும் அதே பொதுமைதான்.

பாடநூல்களில் மூலங்களின் தன்மை ஒரு பகுதி, கூடுதலும் பெருக்கற்பலனும் அடுத்த பகுதி. பயிற்சிகளும் தனித்தனி. ஆகவே ‘கூடுதல்’ வகை வினாவைக் கண்ட மாணவருக்குத் தன்மைகாட்டி நினைவுக்கு வருவதில்லை. இதை நான் மாணவரின் கவனக்குறைவு என்று எழுதித் தள்ள மாட்டேன். நாம் பிரித்து வைத்தோம், அவர் பிரித்தே கற்றார். ஜேஇஇ மெயின் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானதற்கு 1 கழிவு. எல்லாக் கணக்கையும் பிசகில்லாமல் போட்டு 4 என்று குறித்தவர், ஒன்றும் எழுதாமல் விட்டவரைவிடக் கீழே போகிறார். அதே தேர்வில் விடைத்தெரிவே இல்லாமல் எண்ணை நேரடியாக உள்ளிடும் வினாக்களும் உண்டு. அங்கே விடைகளை நீக்கிச் செல்லும் வித்தை பயன்படாது. கூடுதலும் பெருக்கற்பலனும் அப்போதும் பயன்படும், தன்மைகாட்டி பக்கத்தில் இருந்தால்.

இப்போது அந்த வினாவை வகுப்பில் தனியாகக் கொடுப்பதில்லை. மாறிலியை மட்டும் மாற்றி மூன்று வினாக்களாகக் கொடுக்கிறேன். −6 இருந்த இடத்தில் −3 என்றால் α² + β² என்பது 2(k − 2)² − 2 ஆகிறது. மீச்சிறு மதிப்பு −2 என்று வந்ததும் யாராவது ஒருவர் கையைத் தூக்கிவிடுவார்: இரண்டு மெய்யெண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் குறை எண் எப்படி வரும்? பிழை தன்னையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. k-இன் எல்லை 3/4, விடை 9/8. −9 என்றால் 2(k − 2)² + 10; எல்லை 9/4 என்பதால் k = 2 உள்ளேயே இருக்கிறது; மூலங்கள் 1, 3; விடை 10, தன்மைகாட்டியைப் பார்க்காதவருக்கும் சரியாகவே வரும். நடுவில் உள்ள −6-இல் மட்டும் தவறான விடை மிகை எண்ணாக, சுத்தமான முழு எண்ணாக, எந்தச் சந்தேகமும் தராமல் வந்து உட்காருகிறது. மூன்றையும் போட்டு முடித்த பிறகு, எல்லையைப் பார்க்காமலே விடை சரியாக வர மாறிலி எவ்வளவாக இருக்க வேண்டும் என்று கேட்பேன். மாறிலியை q என்று வைத்தால் k-இன் எல்லை −q/4. அது 2-க்குக் குறையாமல் இருக்க q என்பது −8 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். சென்ற முறை அதை முதலில் சொன்னவள் அந்த மாணவிதான்.