மந்திரி குமாரியில் இரண்டு பெண்கள்: பெண் பாத்திரத்தின் சொந்த இலக்கைக் கண்டறிதல்

மந்திரி குமாரி, 1950ஆம் ஆண்டு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் தயாரித்து வெளியிட்ட தமிழ்த் திரைப்படமாகும். எல்லிஸ் ஆர். டங்கனும் டி. ஆர். சுந்தரமும் இயக்கினர். கதை வசனத்தை மு. கருணாநிதி எழுதினார். முதலில் நாடகமாக எழுதப்பட்ட இக்கதைக்கு மூலம், பௌத்தக் காப்பியமான குண்டலகேசியில் வரும் ஒரு நிகழ்வு. சேலத்திலிருந்து சேர்வராயன் மலையில் ஏறி ஏற்காடு செல்லும் சாலையில், மலையடிவாரத்தை நோக்கி அமைந்திருந்தது மாடர்ன் தியேட்டர்ஸ். அதன் நுழைவாயில் வளைவு இன்றும் அச்சாலையில் நிற்கிறது.

இப்படத்தின் கதாநாயகன் எம். ஜி. ஆர். ஆனால் படத்தின் பெயர் அவருடைய பாத்திரத்தைக் குறிக்கவில்லை, அவர் காதலிக்கும் இளவரசியையும் குறிக்கவில்லை. வில்லனை மணக்கும் அமைச்சர் மகளைக் குறிக்கிறது. ஒரு பெண் பாத்திரம் தனக்கென ஓர் இலக்குடன் இயங்குகிறதா, அல்லது ஆண் பாத்திரத்தின் கதைக்கு உதவுவதற்காக மட்டும் வைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கக் கற்பவர்களுக்கு இப்படம் நல்ல பயிற்சிக் களம். இரண்டு வகைப் பெண்களும் ஒரே படத்தில், ஒரே அரண்மனையில் இருக்கிறார்கள்.

கதைச் சுருக்கம்

முல்லை நாட்டு அரசனின் மகள் ஜீவரேகா (ஜி. சகுந்தலா). தளபதி வீரமோகனும் (எம். ஜி. ஆர்.) அவளும் காதலர்கள். தன் மகன் பார்த்திபனைத் (எஸ். ஏ. நடராஜன்) தளபதியாக்க விரும்பிய ராஜகுரு (எம். என். நம்பியார்) ஏமாற்றமடைகிறார். பார்த்திபன் கொள்ளைக் கூட்டத் தலைவனாகிறான். இளவரசியை அடைய நினைத்து அவன் அனுப்பும் ஓலை, தவறுதலாக அமைச்சர் மகள் அமுதவல்லியிடம் (மாதுரி தேவி) சேர்கிறது. அவள் அவனைக் காதலிக்கத் தொடங்குகிறாள்.

வீரமோகன் கொள்ளையனைப் பிடித்து அரசவையில் நிறுத்துகிறான். வழக்கு கோயிலுக்குப் போகிறது. தேவி சிலையின் பின்னால் மறைந்துகொள்ளும் அமுதவல்லி, தேவியின் குரலில் பேசிப் பார்த்திபனைக் குற்றமற்றவன் என்கிறாள். வீரமோகன் நாடு கடத்தப்படுகிறான். அமுதவல்லி பார்த்திபனை மணக்கிறாள். அவன் கொள்ளையை விடவில்லை என்பதும், தந்தையும் மகனும் அரசுக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்பதும் பின்னர் அவளுக்குத் தெரியவருகின்றன. பார்த்திபன் அவளைக் கொல்வதற்காக மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். சாகுமுன் கணவனை மூன்று முறை வலம்வர அனுமதி கேட்கும் அவள், வலம்வரும்போது அவனைக் கீழே தள்ளிவிடுகிறாள். திரும்பிவந்து உண்மையைச் சொல்லும்போது ராஜகுரு அவளைக் குத்திக் கொல்கிறார். வீரமோகனும் ஜீவரேகாவும் இணைகிறார்கள்.

வழக்கமான அளவுகோல்கள் தவறவிடுவது

இத்தகைய ஆய்வில் அதிகம் பேசப்படுவது பெக்டெல் சோதனை. அமெரிக்க கேலிச்சித்திரக் கலைஞர் அலிசன் பெக்டெல் 1985இல் வரைந்த ஒரு சித்திரக்கதையிலிருந்து வந்தது. படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் தமக்குள் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக்கூடாது என்பவை அதன் மூன்று நிபந்தனைகள். பல படங்களை ஒருசேர எடுத்துக்கொண்டு, பெண்களுக்கு எவ்வளவு குறைவாக இடம் தரப்படுகிறது என்று காட்ட இது உதவும். ஒரு தனிப் படத்தைப் படிக்க இது போதாது. இரு தோழியர் சேலையைப் பற்றி ஒரு நிமிடம் பேசினாலே ஒரு படம் இதில் தேறிவிடும். மலையுச்சியில் அமுதவல்லி எடுக்கும் முடிவோ இந்தச் சோதனையின் கண்ணில் படவே படாது. அங்கே அவளைத் தவிர வேறு பெண் இல்லை.

2013இல் வெளியான பசிபிக் ரிம் என்ற ஆங்கிலப் படத்தையொட்டி எழுந்த மாக்கோ மோரி சோதனை இன்னும் நெருங்கி வருகிறது. ஒரு பெண் பாத்திரத்துக்காவது தனக்கென ஒரு கதைப்போக்கு உண்டா, அது ஆணின் கதையைத் தாங்குவதற்காக மட்டும் அமைந்ததா என்று அது கேட்கிறது. கேள்வி சரிதான். ஆனால் அதற்கு எப்படி விடை காண்பது என்பதை அது சொல்வதில்லை.

பாத்திரத்தின் வீரத்தை அளப்பதும் பயன் தராது. வாள் சுழற்றும் பெண் கதாநாயகனின் கட்டளையை நிறைவேற்றுபவளாகவே இருக்கலாம். திரையில் தோன்றும் நேரத்தை அளப்பதும் அப்படியே. பாடல்களில் நெடுநேரம் தோன்றும் நாயகி கதையில் எதையும் மாற்றாமலே போகலாம்.

காட்சிகளை வரிசையாகப் பார்த்தல்

பெண் பாத்திரம் வரும் முக்கியக் காட்சிகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மூன்றைக் குறித்துக்கொள்வது பயன்படும் வழி. இப்போது அவளுக்கு என்ன வேண்டும்? அதற்காக அவள் என்ன செய்கிறாள்? அதனால் கதையில் என்ன மாறுகிறது?

ஜீவரேகாவை இப்படிப் பார்த்தால் முதல் கேள்விக்கு விடை உண்டு. அவள் வீரமோகனை விரும்புகிறாள். ஆனால் கதையின் பெரிய திருப்பங்கள் எவையும் அவள் முடிவால் நிகழ்வதில்லை. ஓலை அவளுக்காக எழுதப்பட்டது, அவளிடம் வந்து சேரவில்லை. அவள் காதலன் நாடு கடத்தப்படுவது வேறொருத்தியின் செயலால். அவனுடைய பழி நீங்குவதும் அதே பெண்ணின் செயலால். வில்லன் அடைய நினைக்கும் பொருளாகவும், நாயகனுக்குக் கடைசியில் கிடைக்கும் பரிசாகவும் இளவரசி இருக்கிறாள்.

அமுதவல்லியின் பட்டியல் வேறு மாதிரி நிரம்புகிறது. ஓலை கிடைத்ததும் அவள் காதலிக்கிறாள். அது அவளுக்கு எழுதப்பட்டதல்ல என்பதால், அவளுடைய கதையே ஒரு தவறில்தான் தொடங்குகிறது. கோயில் காட்சியில் காதலனைக் காப்பாற்ற விரும்புகிறாள், தெய்வமாக நடிக்கிறாள், அதன் விளைவாகக் கதாநாயகனே தோற்று நாட்டைவிட்டுப் போகிறான். எம். ஜி. ஆரின் பாத்திரத்தை இப்படத்தில் வீழ்த்துவது வில்லனின் வாளன்று, சிலைக்குப் பின்னால் நிற்கும் ஒரு பெண்ணின் குரல்.

இங்கு ஒரு கேள்வி எழும். அவள் செய்வதும் ஓர் ஆணுக்காகத்தானே? உண்மை. கோயில் காட்சி வரை அவளுடைய விருப்பமும் பார்த்திபனின் தேவையும் ஒரே திசையில் போகின்றன. அதுவரை அவள் செயல் மிக்கவள் என்று சொல்லலாம், சொந்த இலக்கு உடையவள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. காதல் ஒரு பெண்ணின் இலக்காக இருப்பதில் குறையில்லை. ஆனால் இருவர் விருப்பமும் ஒன்றாக இருக்கும்வரை அது யாருடையது என்று பிரித்தறிய இயலாது. அவளுடைய தேவை அவனுடைய தேவையோடு மோதும் இடத்தில்தான் அது தெரியும்.

மலையுச்சிக் காட்சி அந்த மோதலின் இடம். ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய இனிய காதல் பாடலோடு பார்த்திபன் அவளை மேலே அழைத்துச் செல்கிறான். பாட்டின் குழைவு முழுவதும் அவனுடைய திட்டத்துக்குத் துணைபோகிறது. உச்சியில் உண்மை தெரிந்ததும் அவள் அவனை எதிர்த்துப் போராடவோ கெஞ்சவோ முயல்வதில்லை. கற்புடைய மனைவியிடம் ஊர் எதிர்பார்க்கும் பணிவையே வேண்டுகோளாக வைக்கிறாள். கணவனை வலம்வருதல் என்ற சடங்கு, அவனுடைய முதுகுப்பக்கம் போவதற்கான வழியாகிறது. பணிவிடையின் வடிவத்தை வைத்துக்கொண்டு அதன் உள்ளடக்கத்தை அவள் மாற்றிவிடுகிறாள். தெய்வத்தின் குரலில் அவனைக் காப்பாற்றியவள், மனைவியின் சடங்கால் அவனை அழிக்கிறாள். இரண்டு முறையும் மரபு பெண்ணுக்கு ஒதுக்கிய ஒரு வேடத்தைக் கருவியாக்குகிறாள் என்பது கவனிக்கத்தக்கது.

அவன் போன பிறகு

ஆண் பாத்திரம் இல்லாமல் போன பிறகும் அவளுக்குக் கதை இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. இதற்கு மூலக்கதையோடு ஒப்பிட வேண்டும்.

நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை, சில செய்யுள்களே எஞ்சியுள்ளன. கதையை நீலகேசி உரையும் பாலி மொழியிலுள்ள தேரிகாதை உரையும் தருகின்றன. அதன்படி வணிகர் மகளான பத்திரை, கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்படும் கள்வன் ஒருவனைக் கண்டு காதலித்து மணக்கிறாள். அவன் அவளை மலையுச்சியில் கொல்ல முயல்கிறான். வலம்வந்து அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். திரைப்படம் எடுத்துக்கொண்டது இதுவரைதான்.

மூலத்தில் பத்திரையின் கதை இதற்குப் பிறகே விரிகிறது. அவள் வீடு திரும்பவில்லை. சமணத் துறவியாகிறாள். களையப்பட்ட கூந்தல் சுருள்சுருளாக வளர்ந்ததால் குண்டலகேசி எனப்படுகிறாள். ஊர் வாயில்களில் நாவல் கிளையை நட்டுத் தன்னோடு வாதிட வருமாறு அழைக்கிறாள். பலரை வென்று, சாரிபுத்தரிடம் தோற்று, பௌத்தத் துறவியாகிறாள். கணவனைக் கொன்றது அவள் வாழ்க்கையின் முடிவாக அமையவில்லை. அறிவுத் தேடலின் தொடக்கமாக அமைந்தது.

படத்தின் அமுதவல்லிக்கு அந்தப் பாதி வாழ்க்கை தரப்படவில்லை. மலையிலிருந்து இறங்கியதும் அவள் செய்வது அரசவையில் உண்மையைச் சொல்வது. அதனால் சதி வெளிப்படுகிறது, வீரமோகன் பழி நீங்குகிறது, அவனுடைய திருமணத்துக்கு வழி திறக்கிறது. தன் உயிருக்காக அவள் செய்த கொலை, நாட்டைக் காத்த செயலாகக் கணக்கெழுதப்பட்டு நாயகனின் கதைக்குள் சேர்க்கப்படுகிறது. பிறகு ராஜகுருவின் கத்தி அவளை அகற்றிவிடுகிறது. கணவனைக் கொன்ற பெண் அடுத்து என்ன செய்வாள் என்று யோசிக்க வேண்டிய கட்டாயம் திரைக்கதைக்கு இல்லாமல் போகிறது.

ஆகவே மந்திரி குமாரியைப் பெண்ணின் கதை என்றோ நாயகனின் கதை என்றோ ஒரு சொல்லில் முடிக்க முடியாது. கோயிலில் அமுதவல்லி செயலைப் பெறுகிறாள், மலையுச்சியில் சொந்த இலக்கைப் பெறுகிறாள், அரசவையில் அதை இழக்கிறாள். படத்தின் பெயர் அவளுக்குக் கிடைத்தது, எதிர்காலம் ஜீவரேகாவுக்குக் கிடைத்தது. குண்டலகேசிக் கதையை அறிந்த பார்வையாளருக்கு, பார்த்திபன் விழுந்த பின் மலையுச்சியில் தனித்து நிற்கும் அந்தப் பெண் வேறு பக்கமாகவும் இறங்கிப் போயிருக்கலாம் என்பது தெரியும்.