1,080 பகோடா பாக்கி

பந்துலு 1959-ல் எடுத்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே, சிவாஜி ஜாக்சன் துரையிடம் வரி கொடுக்க மறுத்து முழங்குகிற காட்சியில்தான் போய் நிற்போம். எனக்கும் பிடித்த காட்சிதான். ஆனால் 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் நடந்ததைப் படித்தால் வேறொரு ஆள் தெரிகிறார்.

கலெக்டர் ஜாக்சன் தன்னை வந்து பார்க்கச் சொல்லி ஓலை அனுப்பிவிட்டு, ஊர் ஊராக முகாமை மாற்றிக்கொண்டே போகிறார். குற்றாலத்தில் பார்க்க முடியவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முடியவில்லை. கட்டபொம்மன் விடாமல் பின்னாலேயே போய் ராமநாதபுரத்தில் சந்திக்கிறார். உட்கார நாற்காலி கூடக் கொடுக்கவில்லை. கணக்கைப் பிரித்துப் பார்த்தால், 3,310 பகோடா என்று சொல்லப்பட்ட பாக்கியில் பெரும்பகுதி கட்டியாகிவிட்டது. நின்றது 1,080 மட்டும். (பகோடா என்றால் அன்றைய பொன் நாணயம், டீக்கடை சமாச்சாரம் இல்லை.) அதற்குப் பிறகும் அவரைக் கோட்டையிலேயே நிறுத்திவைக்கப் பார்த்தார்கள். வாசலில் கைகலப்பாகி லெப்டினன்ட் கிளார்க் செத்தார். பின்னால் கம்பெனி அமைத்த விசாரணைக் குழுவே கட்டபொம்மன் மேல் தப்பில்லை என்றது. ஜாக்சனின் வேலை போனது.

வரி கட்டியவர் என்றால் வீரம் குறைந்துவிடும் என்று படம் பயந்திருக்கிறது. எனக்கென்னவோ, கணக்கோடு வந்த ஆளை அவமானப்படுத்தினார்கள் என்பதுதான் கனமான குற்றச்சாட்டாகப் படுகிறது.

எதிர்ப்பக்கத்தில் தமிழ்வாணன் ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’ என்று ஒரு புத்தகமே போட்டார். கம்பெனிக் கடிதங்களிலும் இதே மாதிரிப் பேச்சு உண்டு. ஆனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். பாளையக்காரர்கள் தங்கள் எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களிலும் காவல் பார்த்து, அதற்குக் கூலி வசூலித்தார்கள். தேசகாவல் என்று பெயர். வரி முழுக்கத் தனக்கே என்று நினைத்த கம்பெனிக்கு அது பறிப்பாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. அதற்காகக் கூலி என்று சொல்லிக் கழுவிவிடவும் முடியாது. ஆயுதத்தோடு வந்து கேட்கிற கூலியை மறுக்க எந்தக் குடியானவனால் முடியும்? அவன் தரப்பைப் படத்திலும் காணோம், புத்தகத் தலைப்பிலும் காணோம்.

எட்டப்பன் விஷயம் இன்னும் விசித்திரம். அது ஒரு ஆளின் பெயர் இல்லை, எட்டயபுரம் பாளையக்காரர்கள் வழிவழியாக வைத்துக்கொண்ட பட்டம். பாஞ்சாலங்குறிச்சியோடு அவர்களுக்கு எல்லைத் தகராறு இருந்தது. 1799 போரில் கம்பெனியோடு நின்றார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தப்பிப்போன கட்டபொம்மனைக் காட்டில் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கு.

இன்றைக்கும் தெருச்சண்டையில் யாரும் யாரையும் ‘தொண்டைமான்’ என்று திட்டி நான் கேட்டதில்லை.