கப்பல் வந்த செய்தி ஸ்பாமில்

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்குக் கொழும்பிலிருந்து ஃபீடர் கப்பல் வருகிறது என்றால், அதிலுள்ள இறக்குமதிக் கண்டெய்னர்களின் சரக்குக்காரர்களுக்கு ஏஜெண்ட் அலுவலகத்திலிருந்து அரைவல் நோட்டீஸ் போக வேண்டும். முன்பு ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அனுப்பினார். இப்போது பல அலுவலகங்களில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எக்ஸெல் பட்டியலைப் படித்து எல்லோருக்கும் தானே அனுப்பிவிடுகிறது. அந்த நோட்டீஸ் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்தால் ஃப்ரீ டேஸ் ஓடிக்கொண்டிருப்பது சரக்குக்காரருக்குத் தெரியாது. டிமரேஜ் பில் வந்த பிறகுதான் தெரியும்.

அஞ்சல் இன்பாக்ஸில் சேர இரண்டு வழிகளைச் சொல்வார்கள். ஒன்று, அனுப்புநர் யார் என்பதைக் கணினிக்கு நிரூபிப்பது. மற்றொன்று, அனுப்பும் அளவை மெதுவாக ஏற்றுவது. முதலாவது உறுதியான முறை, அதன் ஓட்டைகளையும் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது விளம்பர அஞ்சல் அனுப்புகிறவர்களை மனத்தில் வைத்து உருவான வழக்கம். துறைமுக வேலைக்கு அது பாதிதான் பொருந்துகிறது.

ஒரு கற்பனை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் டொமைன் example.com. ஊழியர்களின் அஞ்சலெல்லாம் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கிறது. நோட்டீஸ் ஸ்கிரிப்ட் மட்டும் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் ஓடி, அங்குள்ள `sendmail` கட்டளையிடம் அஞ்சலை ஒப்படைக்கிறது. ஸ்கிரிப்டில் பிழை எதுவும் வரவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர்கள் நோட்டீஸ் வரவில்லை என்கிறார்கள். ஜிமெயிலில் ஸ்பாமில் கிடக்கும் ஒரு பிரதியைத் திறந்து, `Show original` அழுத்திப் பார்த்தால் இப்படி இருக்கும்:

```
spf=none smtp.mailfrom=www-data@srv1.example.net
dmarc=fail (p=NONE) header.from=example.com
```

வாசகர் பார்க்கும் `From` வரியில் அலுவலகத்தின் பெயர் இருக்கிறது. உறையின் மேல் இருக்கும் திருப்பி அனுப்பும் முகவரியிலோ சர்வரின் பெயர் இருக்கிறது. `sendmail` கட்டளைக்கு `-f` கொடுத்து உறைமுகவரியைச் சொல்லாவிட்டால், ஸ்கிரிப்டை ஓட்டும் பயனரின் பெயரையே அது போட்டுவிடும். எஸ்பிஎஃப் என்ற சோதனை பார்ப்பது இந்த உறைமுகவரியின் டொமைனைத்தான். அந்த டொமைன் தன் டிஎன்எஸ்ஸில் 'என் பெயரில் இந்த ஐபிக்கள் அனுப்பலாம்' என்று பட்டியல் எதுவும் வைக்கவில்லை. டிகிம் என்ற கையொப்பமோ அஞ்சலில் இல்லவே இல்லை, ஆகவே அதற்கான வரியும் காணோம்.

பெரும்பாலோர் அடுத்துச் செய்வது, மொத்தமாக அஞ்சல் அனுப்பித் தரும் ஒரு சேவையில் கணக்குத் தொடங்கி ஸ்கிரிப்டை அதோடு இணைப்பது. சரியான முடிவுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் கிடைக்கும் விடை விசித்திரமாக இருக்கும்:

```
spf=pass smtp.mailfrom=bounce.mailer.example.net
dkim=pass header.i=@mailer.example.net
dmarc=fail (p=NONE) header.from=example.com
```

இரண்டு சோதனைகளில் தேர்ச்சி, மூன்றாவதில் தோல்வி. இந்த இடத்தில்தான் பலர் திகைத்து நிற்கிறார்கள். முறையின் உண்மையான வலிமையும் இங்கேதான் இருக்கிறது. எஸ்பிஎஃப்பும் டிகிமும் யாரோ ஒருவருடைய பெயரை உறுதிசெய்கின்றன. இங்கே அவை உறுதிசெய்தது அஞ்சல் சேவையின் பெயரை. டிமார்க் கேட்பது வேறு கேள்வி: உறுதியான அந்தப் பெயரும் `From` வரியில் வாசகர் பார்க்கும் பெயரும் ஒரே டொமைனைச் சேர்ந்தவையா? இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும், துணை டொமைனாக இருந்தாலும் வழக்கமான அமைப்பில் ஏற்றுக்கொள்ளப்படும். சேவை தரும் டிகிம் சாவியை அலுவலகத்தின் சொந்த டிஎன்எஸ்ஸில் சேர்த்தால் கையொப்பம் அலுவலகத்தின் பெயரிலேயே விழும், `dmarc=pass` வந்துவிடும். மேலே `p=NONE` என்று தெரிந்தது டிஎன்எஸ்ஸில் முன்பே இருக்கும் இந்த வரியால்தான்:

```
_dmarc.example.com. TXT "v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.com"
```

கூகுளும் யாகூவும் 2023 அக்டோபரில் அறிவித்து 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறைப்படுத்திய விதிகளின் அடிப்படை இதுதான். மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே மாதத்தில் அவுட்லுக் முகவரிகளுக்கு அதே வழியில் வந்துவிட்டது. நான் இதை வரவேற்கிறேன். அதற்கு முன்பு ஒரு அலுவலகத்தின் அஞ்சல் நற்பெயர், அது வாடகைக்கு எடுத்த ஐபியின் பழைய வரலாற்றோடு பெரும்பாலும் கட்டுண்டிருந்தது. முன்பு அந்த ஐபியை வைத்திருந்தவர் செய்த குப்பைக்கு இவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது சேவையை மாற்றினாலும் டொமைனோடு நற்பெயரும் பெருமளவு கூடவே வருகிறது.

ஆனால் இது எதை நிரூபிக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். கண்டெய்னரின் பாட்டில் சீல் எண் ஆவணத்தோடு ஒத்துப்போனால், பெட்டியை வழியில் யாரும் திறக்கவில்லை என்று கஸ்டம்ஸ் ஏற்கும். உள்ளே இருப்பது நல்ல சரக்கு என்று அந்த சீல் சொல்லாது. இந்தக் கடற்கரை ஏற்றுமதியாளர்கள் உண்மையில் அஞ்ச வேண்டிய மோசடி, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வாங்குபவருக்குப் போகும் பொய்க் கடிதம். அதை அனுப்புபவர் ஓரெழுத்து மாற்றி ஒரு டொமைனைப் பதிவுசெய்து, அதற்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் ஒழுங்காக அமைத்துக்கொள்கிறார். மூன்றும் `pass` என்றே வரும், ஏனென்றால் அந்தத் திருட்டு டொமைன் உண்மையிலேயே அவருடையது. உங்கள் டொமைனை அப்படியே போட்டு அனுப்பும் பொய்யைத் தடுக்க டிமார்க் உதவும், அதுவும் `p=none` என்பதை `quarantine` அல்லது `reject` ஆக்கிய பிறகுதான். `none` என்றால் தோற்ற அஞ்சலையும் தடுக்க வேண்டாம், அறிக்கை மட்டும் அனுப்புங்கள் என்று பொருள். பெரிய நிறுவனங்களின் விதியே `none` போதும் என்பதால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். விதியின் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்.

இன்னொரு ஓட்டை ஃபார்வர்டிங். விருதுநகரிலோ சிவகாசியிலோ இருக்கும் ஒரு வாடிக்கையாளர் தன் பழைய நிறுவன முகவரிக்கு வருவதையெல்லாம் ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையிலுள்ள சர்வர் உறைமுகவரியை மாற்றாமல் அனுப்பினால், ஜிமெயில் அந்த சர்வரின் ஐபியை உறைமுகவரி டொமைனின் பட்டியலில் தேடும், கிடைக்காது, எஸ்பிஎஃப் தோற்கும். டிகிம் பிழைத்துக்கொள்ளும், உள்ளடக்கத்தை யாரும் தொடாதவரை. ஆனால் சில நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள் 'இது வெளியிலிருந்து வந்த அஞ்சல்' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறது. அந்த ஒரு வரியால் கையொப்பமும் முறிந்துபோகிறது. நேர்மையாக அனுப்பப்பட்ட நோட்டீஸ் இரண்டிலும் தோற்று நிற்கும்.

இனி அளவு. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5000 அஞ்சல்களை நெருங்கினால் நீங்கள் மொத்த அனுப்புநர். துணை டொமைன்களின் கணக்கும் சேர்த்தே பார்க்கப்படும். ஒருமுறை அப்படி வகைப்படுத்தப்பட்டால் அது நிரந்தரம். நம் அலுவலகம் அந்த எல்லைக்கு அருகில்கூட இல்லை. அதன் சிக்கல் வேறு. புதிய டொமைன் சிறிதாகத் தொடங்கி நாள்தோறும் சீராக ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. கப்பல் அப்படி வராது. இரண்டு நாள் ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் காலையில் 600 நோட்டீஸ் ஐந்து நிமிடத்தில் போய்விடும். வடிகட்டியின் கண்ணுக்கு இது களவாடப்பட்ட கணக்கிலிருந்து வெடித்துக் கிளம்பும் ஸ்பாம் போலவே தெரியும்.

அலையை அழிக்க முடியாது, ஆனால் தட்டையாக்கலாம். மேனிஃபெஸ்ட் கைக்கு வந்ததுமே தொடங்கி, ஃப்ரீ டேஸ் குறைவாக உள்ளவர்களை முன்னால் வைத்து வரிசைப்படுத்தி, இடைவெளி விட்டு அனுப்பினால் போதும்:

```
for m in queue:
    smtp.send_message(m)
    time.sleep(6)
```

600 அஞ்சல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அரைவல் நோட்டீஸுக்கு ஒரு மணி நேரத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கும் `250` என்ற பதில், அஞ்சல் சேவை வாங்கிக்கொண்டது என்பதை மட்டும் சொல்கிறது. ஜிமெயிலின் தீர்ப்பு பிறகுதான் வரும், சேவையின் பதிவேட்டிலோ திரும்பி வரும் அஞ்சலிலோதான் தெரியும். அதில் `421` என்று தொடங்கினால் 'இப்போது வேண்டாம், பிறகு வா' என்று பொருள். சேவை தானே மறுபடி முயலும். அதற்கு முன் ஸ்கிரிப்டும் பதறி மறுபடி மறுபடி அனுப்பினால் அளவு இரட்டிப்பாகி நிலைமை மோசமாகும். `550 5.7.26` என்றால் அடையாளச் சோதனையில் தோல்வி. `550 5.1.1` என்றால் அந்த முகவரியே இல்லை, உடனே பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஸ்பாம் பெட்டியில் போட்ட அஞ்சலுக்கோ ஜிமெயிலும் `250` என்றே பதில் சொல்லும். அதைக் கண்டுபிடிக்க, வெவ்வேறு சேவைகளில் நீங்களே சில கணக்குகள் வைத்து ஒவ்வொரு கப்பலுக்கும் அவற்றையும் பட்டியலில் சேர்த்துப் பார்ப்பதைத் தவிர நேரான வழி இல்லை.

புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகுள். லட்சக்கணக்கில் அனுப்புகிறவருக்கு அது நியாயமான அளவுகோல். ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 200 அனுப்புகிறவருக்கு ஒரே ஒருவர் ஸ்பாம் பொத்தானை அழுத்தினாலே 0.5 சதவீதம். அந்தக் கணக்கைப் பார்க்க உதவும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ், இவ்வளவு சிறிய அளவுக்குத் தகவலே காட்டுவதில்லை. சிறிய அனுப்புநர் இருட்டில்தான் நடக்கிறார். இதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அஞ்சல்பெட்டிகளை நடத்தும் பெரிய நிறுவனங்களே. அதுவரை அலுவலகத்தின் கையிலுள்ள காப்பு ஒன்றுதான்: நோட்டீஸுக்கென்று தனியாக ஒரு துணை டொமைன் வைத்து, தீபாவளி வாழ்த்து, கட்டணச் சலுகை போன்றவற்றை அதிலிருந்து ஒருபோதும் அனுப்பாமல் இருப்பது. புகார் வருவது பெரும்பாலும் அவற்றுக்குத்தான்.

`p=none` வைத்த நாளிலிருந்து `rua` முகவரிக்கு அறிக்கைகள் வந்துகொண்டிருக்கும். உங்கள் பெயரில் எந்த ஐபி எத்தனை அஞ்சல் அனுப்பியது, எதில் தேறியது என்று அதில் இருக்கும். நீங்கள் மறந்துபோன பில்லிங் மென்பொருள் முதலில் அதில் தென்படும், அதற்கும் டிகிம் அமைக்க வேண்டும். எஸ்பிஎஃப் தோற்று டிகிம் தேறிய வரிகள், அஞ்சல் சேவையின் ஐபிக்களைத் தவிர்த்தால், பெரும்பாலும் ஃபார்வர்ட் செய்பவை, அவற்றால் ஆபத்தில்லை. இரண்டும் தோற்றவற்றில் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் சர்வர் தென்பட்டால், அவரைக் கூப்பிட்டு நேரடி முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வரிகள் தீர்ந்த பிறகு `quarantine` போடலாம்.