வீட்டின்கண் தருமம்: ஒரு சொல்லும் மூன்று பொருளும்

வீடுபெறுவோன் தருமத்தையுங் கடந்து செல்கின்றான் என்னுங் கருத்து வைதிகம், பௌத்தம், சமணம் என்னும் மூன்றற்கும் பொதுவென்று சமய ஒப்பீடு பயிலும் கல்லூரி மாணாக்கர் பலர் எழுதிவிடுகின்றனர். கடோபநிடதத்திலிருந்து ஓரிடமும், மச்சிம நிகாயத்திலிருந்து ஓரிடமும், உமாசுவாதியாரின் தத்துவார்த்த சூத்திரத்திலிருந்து ஓரிடமும் எடுத்து அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. மூன்றிடத்துந் தருமம் என்னுஞ் சொல் உளது; மூன்றும் வீட்டினைப் பற்றியே பேசுகின்றன; ஆகலின் மூன்றும் ஒன்றனையே கூறின என்பது முடிபாகின்றது. இது சொல்லொற்றுமையைப் பொருளொற்றுமையாக மயங்கியதன் விளைவு. அவ்விடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆண்டுத் தருமம் எனப்பட்டது யாது, வீட்டின்கண் அஃது என்னாகின்றது என வினவின் அம்மயக்கம் தானே விலகும்.

கடோபநிடதத்தில் நசிகேதன் இயமனை வேண்டுவது, தருமத்தின் வேறாய், அதருமத்தின் வேறாய், செய்யப்பட்டதன் வேறாய், செய்யப்படாததன் வேறாய், இறந்ததன் எதிர்வதன் வேறாய் நிற்கும் பொருள் யாது, அதனைக் கூறுக என்பதாம். ஈண்டுத் தருமம், செய்யப்பட்டது என்னுஞ் சொல்லோடு அடுத்து நிற்றலை நோக்குதல் வேண்டும். அது செயலையும் செயலாற் பிறக்கும் பயனையுஞ் சார்ந்த சொல். வேதவிதியால் அறியப்படும் நன்மையே தருமம் என்று சைமினி முனிவர் கூறியதும் இப்பொருளைத் தழுவியது. சுவர்க்கம் விரும்புவோன் வேள்வி செய்க என்பது விதியாயின், அவ்வேள்வியே தருமம். செயல் முடிந்தபின்னும் பயன் வருங்காறும் நிற்பது அபூர்வம் என்ப. வைசேடிகரோ தருமம் அதருமம் இரண்டனையும் ஆன்மாவின்கட் பற்றிய குணங்களாக வைத்து, வீட்டின்கண் அவை ஒழியும் என்பர். செயலாகக் கொள்ளினும் குணமாகக் கொள்ளினும் அது பயன் தந்து கழிவது, வீடோ கழிவதன்று. இதுபற்றியே சங்கராசாரியர் பிரம சூத்திரத்தின் நான்காஞ் சூத்திர உரையில் இவ்வுபநிடத இடத்தை எடுத்தாண்டு, வீடு செயலின் பயன் அன்று, அங்ஙனமாயின் அதற்கும் அழிவு உண்டாம் என்று வாதித்தார். எனவே ஈண்டுக் கடக்கப்படுந் தருமம் நல்வினை.

பௌத்தர் இடம், அலகத்தூபம சுத்தம் எனப்படும் மச்சிம நிகாயத்து இருபத்திரண்டாஞ் சூத்திரம். இதன் நிகழ்ச்சியைத் தெரியாது இதனுள் வரும் ஓடத்துவமையை மட்டும் எடுத்துக் கொள்வதே மாணாக்கர் வழக்கம். துறவு பூணுமுன் கழுகு பிடிக்குந் தொழிலினனாயிருந்த அரிட்டன் என்னும் பிக்கு, புத்தர் இடையூறு என்று கூறிய இன்பங்கள் அவற்றை நுகர்வார்க்கு உண்மையில் இடையூறாகா என்று ஒரு கோட்பாடு கொண்டான். ஏனைப் பிக்குகள் பலவாறு எடுத்துரைத்தும் அவன் விட்டானல்லன். புத்தர் அவனை அழைத்துக் கடிந்தபின், பாம்பை வாலிற் பிடித்தவன் அப்பாம்பாலேயே கடியுண்பது போல, அறவுரையைத் தவறாகப் பற்றினவன் அதனாலேயே கெடுவான் என்றார். அதன்பின்னரே ஓடம் வருகின்றது. அச்சம் நிறைந்த இக்கரையில் நிற்கும் ஒருவன், பாலமுந் தோணியும் இன்மையின், புல்லுங் குச்சியும் கிளையும் இலையுஞ் சேர்த்துத் தெப்பங் கட்டிக் கையாலுங் காலாலும் நீந்தி அக்கரை சேர்கின்றான். தனக்கு உதவிற்றென்று அத்தெப்பத்தைத் தலைமேற் சுமந்து திரிதல் அவற்குத் தகுமோ? தருமங்களும் விடற்பாலன எனின் அதருமங்களைப் பற்றிச் சொல்லவேண்டுமோ என்று புத்தர் முடிக்கின்றார்.

இங்கே தருமம் பன்மையில் நிற்கின்றது. வேள்வியும் வேதவிதியும் ஈண்டு இடம் பெறவில்லை. கரை சேர்க்குங் கருவியே தருமம் எனப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டினராகிய புத்தகோசர் இவ்விடத்திற்கு உரை எழுதுங்கால், தருமம் என்றது சமதமும் விபசனையும், அஃதாவது மனவொடுக்கமும் உண்மை காணுங் காட்சியும் என்றும், விடற்பாலது அவற்றின்மேல் எழும் பற்று என்றுங் கொண்டார். இவ்வுரையைக் கொள்ளின், விடப்படுவது கருவியன்று, கருவியை எனதென்னும் பிடிப்பு. இன்பநுகர்ச்சியை இடையூறன்று என்றவனைக் கடிந்து கூறிய சூத்திரத்தை, ஒழுக்கத்தை விட்டுவிடலாம் என்பதற்கு மேற்கோளாகக் காட்டுவோர், அரிட்டன் செய்த பிழையையே மீளவுஞ் செய்கின்றனர். தெப்பம் விடப்படுவது அக்கரையில். ஆற்று நடுவில் அன்று.

மேலும், பௌத்தர்க்குத் தருமம் அனைத்தையுங் கடந்த நிலை ஒன்றுண்டு என்று கூறவும் இயலாது. அபிதருமத்தில் உள்ளனவாகிய பொருட்கூறு ஒவ்வொன்றுந் தருமம் எனப்படும். தேரவாதத்தார் உள்ளம் 1, உள்ளத்தோடு கூடி நிகழ்வன 52, உருவம் 28, நிருவாணம் 1 என 82 தருமங்களை எண்ணுவர். ஏனைய 81-உம் காரணங்களாற் கூட்டுண்டு தோன்றுவன. நிருவாணம் ஒன்றே அங்ஙனந் தோன்றாதது. எனினும் அதுவுந் தருமமே. ஆகவே வீடு தருமத்திற்கு அப்பாற்பட்டது என்னுந் தொடரை அப்படியே பௌத்தத்தின்மேல் ஏற்றுவார்க்கு, அச்சமயத்தின் வீடே கணக்கினின்று விழுந்துபோம்.

இனிச் சமணர் இடம். மூன்றனுள்ளும் இதுவே பெரிதும் பிறழ உணரப்படுவது. தத்துவார்த்த சூத்திரத்தின் பத்தாம் இயல் வீட்டினைக் கூறுவது. வினை முற்றுங் கழிந்த உயிர் ஒரே கணத்தில் உலகின் முடிவரை மேலே செல்கின்றது. மண் பூசிய சுரைக்காய் நீரில் ஆழ்ந்து கிடந்து, மண் கரைந்தவுடன் தானே மேலெழும்புதல் இதற்குக் காட்டப்படும் உவமைகளுள் ஒன்று. மேற்செல்லுதல் உயிரின் இயல்பாயின், அது முடிவின்றிச் சென்றுகொண்டே இராமல் உலகின் உச்சியில் நிற்பதேன் என்னும் வினா எழும். அதற்குத் திகம்பரர் பாடத்தில் ஒரு தனிச் சூத்திரம் விடை கூறுகின்றது: அதற்கப்பால் தன்மாத்திகாயம் இன்மையால். சுவேதாம்பரர் பாடத்தில் இது தனிச் சூத்திரமாக இல்லை, உரையிற் கூறப்படும்.

தன்மாத்திகாயம் என்பது ஆறு திரவியங்களுள் ஒன்று. அது வடிவற்றது, ஒன்றேயாய் உலகெங்கும் நிறைந்தது, தான் அசையாதது, பிறவற்றைத் தள்ளாதது. செல்லும் இயல்புடைய உயிர்க்கும் புற்கலத்திற்கும் செல்லுதற்குத் துணையாய் நிற்பது மட்டுமே அதன் தொழில். மீன் நீந்துதற்கு நீர் எப்படியோ அப்படி. நீர் மீனைத் தள்ளுவதில்லை, நீரின்றி மீன் நீந்துவதுமில்லை. அதன்மாத்திகாயம் நிற்றற்குத் துணை. வழிப்போவான் நின்று இளைப்பாற மரநிழல் துணையாவது போல்வது. இவ்வுவமைகளை நேமிசந்திரரின் திரவிய சங்கிரகத்திற் காணலாம். இவ்விரண்டற்கும் நன்மை தீமையோடு யாதொரு தொடர்புமில்லை.

ஆகவே, சமணநூல் கூறுவது மாணாக்கர் எழுதுவதற்கு நேர்மாறு. வீடுபெற்ற உயிர் தருமத்தைக் கடப்பதில்லை. கடக்க இயலாமையினாலேயே உலகின் எல்லையில் நிற்கின்றது. நிற்றற்குத் துணை அதருமம் ஆகலின், அதருமத்தைப் பாவம் என்று மொழிபெயர்ப்பார், சித்தரெல்லாம் பாவத்தின் துணையால் நிலைபெற்றார் என்று எழுத நேரும்!

இப்பெயர்கள் இப்பொருளை எங்ஙனம் பெற்றன என்பது வேறு வினா. செருமானிய அறிஞர் எர்மன் யாக்கோபி 1895-இல் வெளிவந்த தம் சமணநூன் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் ஒரு கருத்துக் கூறினார். தருமம் அதருமம் என்பன தொன்மையில், தம்மைத் தொட்டவர்க்கு நன்மை தீமையை விளைக்கும் காணப்படாத பாய்பொருள்களைக் குறித்தன போலும் என்பதும், சமணர் அவ்விரண்டற்கும் புண்ணியம் பாவம் என்னுஞ் சொற்களை வழங்கியமையால், எஞ்சிய இரு பெயர்களையும் பிறர் அறியாத பொருளில் ஆளலாயினர் என்பதும் அவர் கருத்து. முற்பகுதி ஊகம், அதனை நிறுவுதற்குச் சான்று போதாது. பிற்பகுதியுள் அடங்கிய செய்தியோ உண்மை: சமணத்தில் நன்மை தீமைக்கு உரிய சொற்கள் புண்ணியமும் பாவமுமே.

இதற்குத் தமிழிலேயே தெளிவான சான்றுண்டு. மணிமேகலையில் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையில் நிகண்டவாதி தன் சமயப் பொருள்கள் பத்தினை எண்ணுகின்றான். அவற்றுள் தன்மாத்திகாயமும் அதன்மாத்திகாயமும் முதற்கண் நிற்ப, நல்வினையுந் தீவினையும் அவற்றின் வேறாகப் பின்னர் எண்ணப்படுகின்றன. சாத்தனார் பௌத்த நூல் செய்தவராயினும், பிறசமயத்துப் பொருளைச் சொல்லுமிடத்துத் தருமத்தை அறம் என்று தமிழாக்காது வடசொல்லாகவே வைத்தமை பாராட்டற்பாலது. மூன்று சமயத்துத் தருமத்திற்கும் அறம் என்னும் ஒரே சொல்லைப் பெய்யும் இக்காலத்துப் பாடநூன் மொழிபெயர்ப்புக்கள் அவர்காட்டிய வழியிற் செல்லின் மயக்கம் பாதி குறையும்.

இனி, நசிகேதன் கூறிய தருமத்திற்கு ஏனையிரு சமயங்களிலும் நேரானது யாது எனின், புண்ணியமே என்க. அவ்வாறு ஒப்பிடின் உண்மையான ஒற்றுமை ஒன்று வெளிப்படும். தம்மபதம் புண்ணியம் பாவம் இரண்டனையும் நீங்கியவனையே விழிப்புற்றவன் என்றும் அந்தணன் என்றும் போற்றுகின்றது. குந்தகுந்தாசாரியர் சமயசாரத்தில், இரும்பு விலங்கு போலவே பொன் விலங்கும் ஒருவனைப் பிணிக்கும் என்று காட்டி, நல்வினையுங் கட்டே என்றார். சைவசித்தாந்தம் கூறும் இருவினையொப்பும் இவ்வினாவிற்கு விடையாவது: நல்வினைப் பயனையுந் தீவினைப் பயனையும் ஒப்பநோக்கி, இரண்டன்கண்ணும் பற்றற நிற்கும் நிலை அது. நல்வினை செய்தலை ஒழித்துவிடுதல் அன்று.

இவ்வொற்றுமையும் ஓரெல்லையளவிற்றே. விலங்கு பொன்னாயினும் கழலல் வேண்டும் என்பதில் இவர் அனைவரும் உடன்பட்டாலும், கழற்றுவது யார் என்பதிற் பிரிகின்றனர். சமணர்க்கு உயிரின் தவமே வினையை உதிர்க்கும். பௌத்தர்க்குப் பற்றறுதலும் அறிவும். சைவர்க்கு இருவினையொப்பின்கண் பதியும் இறைவனருள்.

ஒரு நூலுள்ளேயே இச்சொல் இருபொருளில் வருதலையும் மாணாக்கர் மறத்தலாகாது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் இயலில் தருமம் செலவிற்குத் துணையாந் திரவியம். ஒன்பதாம் இயலிலோ பொறுமை, பணிவு, நேர்மை முதலிய பத்துவகை ஒழுக்கம். தருமத்தின் பக்கத்தில் அதருமமும் ஆகாயமும் புற்கலமும் நிற்பின் அது திரவியம். பொறுமையும் வாய்மையும் தவமும் நிற்பின் அஃது ஒழுக்கம். பக்கத்துச் சொற்களைப் பாராது அகராதியை மட்டும் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.