ஓரத்தில் ஒரு நட்சத்திரம்

சாமராஜநகர் மாவட்டத்துப் பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனங்களுக்குப் பொதுவாகத் தடை. இதைச் சொல்லும் விழிப்புணர்வுப் படம் ஒன்று எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்ட்டின் முதல் பிரதியில் ‘இரவு 10’ என்றிருக்கிறது. வாடிக்கையாளர் திருத்தச் சொல்கிறார்.

ஹாலிவுட் வழக்கப்படி, வெள்ளைத் தாளுக்குப் பின் திருத்திய பக்கம் நீலத்தில் வரும், அடுத்தது இளஞ்சிவப்பில். மாறிய வரிக்கு நேரே வலது ஓரத்தில் நட்சத்திரக் குறி. ஒப்புதல் தருபவரின் கண் நேராக அங்கே போகும்.

காட்சி எண்தான் அழகு. 12க்கும் 13க்கும் நடுவே யானை புகுந்தால் அது 12ஏ; 13 அசையாது. 14 வெட்டுப்பட்டாலும் ‘நீக்கப்பட்டது’ என்ற குறிப்போடு எண் நிற்கும்.

பழைய நட்சத்திரங்களைத் துடைக்காமல் அடுத்த பிரதி எழுதினால் பக்கமெல்லாம் புள்ளி. புதியது எதுவென்றே தெரியாது. கோப்புக்கு ‘final_final’ என்று பெயரிடும் புண்ணியவான்கள் தனி ரகம். ‘v3’ என்ற எண்ணும் தேதியும் இருந்தால், எந்தப் பிரதிக்குச் சம்மதம் கிடைத்தது என்ற வாக்குவாதமே எழாது.