கல்லாவுக்கு வந்த பணம் எப்போது வருமானம்?

பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதம் ஒரு பள்ளி 200 செட் சீருடைக்கு ஆர்டர் தருகிறது. செட் 800 ரூபாய், ஆக மொத்தம் 1,60,000 ரூபாய். அன்றே 60,000 ரூபாய் அட்வான்ஸ் வருகிறது. கடைக்காரர் அதே மாதம் 70,000 ரூபாய்க்குத் துணி எடுத்துப் பணத்தையும் கொடுத்துவிடுகிறார். ஏப்ரலிலும் மே மாதத்திலும் தையல் கூலியாக 30,000 ரூபாய் போகிறது. ஜூன் முதல் வாரத்தில் சரக்கைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் பில் போடுகிறார். மீதி ஒரு லட்சத்தைப் பள்ளி செப்டம்பரில்தான் தருகிறது. இந்த ஆர்டரில் லாபம் 60,000 ரூபாய் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த லாபம் எப்போது உண்டானது என்ற கேள்விக்குத்தான் ரொக்க முறை ஒரு பதிலும் அக்ரூவல் முறை வேறொரு பதிலும் சொல்கின்றன.

ரொக்க முறையில் பணம் வந்த நாள்தான் வருமானம் வந்த நாள். பணம் போன நாள்தான் செலவு நாள். அதன்படி மார்ச் 31-ல் முடியும் நிதியாண்டில் இந்த ஆர்டர் 10,000 ரூபாய் நஷ்டம் காட்டும். ஏப்ரல், மே மாதங்களில் இன்னும் 30,000 ரூபாய் பள்ளம் விழும். கடைக்காரர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துமுடித்த ஜூன் மாதத்தில் கணக்கில் எதுவுமே இருக்காது. செப்டம்பரில் திடீரென்று ஒரு லட்சம் லாபம் தெரியும். இரண்டு ஆண்டுகளையும் கூட்டினால் 60,000 சரியாக வந்துவிடுகிறது. ஆனால் எந்த ஒரு மாதத்தின் எண்ணும், எந்த ஓர் ஆண்டின் எண்ணும் தொழில் எப்படி நடந்தது என்பதைச் சொல்லவில்லை.

வியாபாரிகளும் ஆடிட்டர்களும் மெர்க்கண்டைல் என்று அழைக்கும் அக்ரூவல் முறை வேறிடத்தில் தொடங்குகிறது. பணம் பெறும் உரிமை எப்போது உண்டானது என்று அது கேட்கிறது. பொருள் விற்பனையில் அந்த உரிமை, வாங்கியவரின் வசம் பொருள் போய்ச் சேரும்போது உண்டாகிறது. பெரிய நிறுவனங்களுக்கு 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் இண்ட் ஏஎஸ் 115 என்ற கணக்கியல் தரத்தின் மையக் கருத்தும் இதுதான்: வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றும்போதுதான் வருவாய். ஆகவே மார்ச்சில் வந்த 60,000 ரூபாய் விற்பனை ஆகாது. அது கடைக்காரர் பள்ளிக்குப் பட்டிருக்கும் கடன். சீருடை தைத்துக் கொடுக்காவிட்டால் அதைத் திருப்பித் தரவேண்டும். அலமாரியில் இருக்கும் 70,000 ரூபாய்த் துணியும் செலவு ஆகாது, அது சொத்து. ஜூனில் சரக்கு இறங்கியதும் 1,60,000 ரூபாய் வருவாயாகவும், துணியும் கூலியும் சேர்ந்த ஒரு லட்சம் அதற்கான செலவாகவும் ஒரே மாதத்தில் எதிரெதிரே நிற்கின்றன. லாபம் 60,000. செப்டம்பரில் பள்ளி தருவது பாக்கி வசூல் மட்டுமே.

தொழிலை எடைபோட அக்ரூவல் முறைதான் சரி என்பது என் முடிவு. இதற்குக் காரணம் அது சட்டத்துக்கு உகந்தது என்பதல்ல, வரவையும் அந்த வரவுக்கான செலவையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டுகிறது என்பதே. அடுத்த ஆண்டு அதே பள்ளி செட்டுக்கு 700 ரூபாய் கேட்டால் ஒத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிக்க, ஒரு செட்டின் அடக்கம் 500 ரூபாய் என்று தெரியவேண்டும். கல்லாக் கணக்கு மட்டும் வைத்திருப்பவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. அட்வான்ஸ் வந்த மார்ச்சில் கையில் பணம் புரள்வதைப் பார்த்துவிட்டு அதை வீட்டுச் செலவுக்கு எடுப்பதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. எடுத்தது லாபமல்ல, இன்னும் கொடுக்காத சீருடையின் விலை. கூலி கொடுக்கவேண்டிய மே மாதத்தில் அந்த ஓட்டை தெரியவரும்.

“லாபம் காகிதத்தில் இருந்தால் வாடகை கொடுக்க முடியுமா?” என்பது கடைக்காரர்களின் முதல் எதிர்வாதம். அதில் முழு நியாயம் இருக்கிறது. ஜூனில் 60,000 லாபம் என்று அக்ரூவல் கணக்கு சொல்லும்போது, இந்த ஆர்டருக்காகக் கையிலிருந்து 40,000 ரூபாய் வெளியே போயிருக்கிறது. ஜிஎஸ்டி இதை இன்னும் கூர்மையாக்குகிறது. வழக்கமான பதிவுள்ள கடைக்காரர் மாதக் கணக்கு தாக்கல் செய்பவராக இருந்தால், ஜூன் பில்லுக்கான வரியை ஜூலை 20-க்குள் கட்டவேண்டும். பள்ளி செப்டம்பரில் தருகிறதா என்பது அங்கே பொருட்டல்ல. பாக்கி வராமலே போனாலும், கட்டிய வரியைத் திரும்பப் பெற ஜிஎஸ்டியில் வழியில்லை. இது அக்ரூவல் முறையின் உண்மையான குறை. ஆனால் லாபக் கணக்கைக் கைவிடுவதால் இந்தக் குறை தீராது. எந்தத் தேதியில் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்ற ரொக்க ஓட்டப் பக்கம் ஒன்றைத் தனியாக எழுதினால்தான் தீரும். வாடகை கட்ட முடியுமா என்பதற்கு அந்தப் பக்கம் பதில் சொல்லட்டும். தொழில் லாபமா என்பதற்கு மற்றது சொல்லட்டும்.

இரண்டாவது எதிர்வாதம், அக்ரூவல் கணக்கை வளைக்கலாம், ரொக்கம் பொய் சொல்லாது என்பது. மார்ச் 30-ல் சரக்கு போகாமலே பில் போட்டு விற்பனையைக் கூட்டிக்காட்ட முடியும்தான். ஆனால் ரொக்க முறையை வளைக்கப் பொய்யே தேவையில்லை. துணிக்கடைக்குத் தரவேண்டியதை ஏப்ரல் 2-க்குத் தள்ளிவைத்தால் மார்ச்சில் லாபம் கூடும். வரும் மாதங்களின் வாடகையை முன்கூட்டியே கொடுத்தால் குறையும். இரண்டும் முறையான பரிவர்த்தனைகள், கண்டுபிடிக்க எதுவுமில்லை. அக்ரூவல் முறையிலோ, பில் தேதிக்கும் சரக்கு இறக்கிய சலான் தேதிக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே முன்கூட்டிப் போட்ட பில் அகப்பட்டுவிடும். ரொக்கம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தில் மிகப் பெரிய பொய்த் தொகை, இல்லாத 5,040 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்புதான். பாக்கிக் கணக்கில் கூட்டிக் காட்டியது 490 கோடி.

அக்ரூவல் முறை உண்மையில் பலவீனப்படும் இடம் வராக்கடன். பள்ளி செப்டம்பரில் தரும் என்பது ஓர் எதிர்பார்ப்பே. சிறு நிறுவனங்களுக்கான ஏஎஸ் 9 இதில் ஒரு நல்ல வேறுபாடு வைத்திருக்கிறது. விற்கும்போதே பணம் வருமா என்பதில் பெரிய சந்தேகம் இருந்தால் வருவாயையே எழுதக்கூடாது, தள்ளிவைக்கவேண்டும். விற்றபின் சந்தேகம் வந்தால் விற்பனையை அழிக்காமல், வராத தொகைக்கு ஒதுக்கீடு செய்யவேண்டும். கடையில் இதைச் செய்வது எளிது: மாதம் ஒருமுறை பாக்கி நோட்டை எடுத்து, 30 நாள், 90 நாள், 180 நாள் தாண்டியவை என்று பிரித்து எழுதினால் போதும். எந்தப் பெயர் மாதாமாதம் அடுத்த கட்டத்துக்கு நகர்கிறதோ அதன் லாபத்தை நம்பக்கூடாது. இந்தப் பட்டியல் இல்லாமல் அக்ரூவல் கணக்கு வைத்திருப்பவர், ரொக்கக் கணக்கு வைத்திருப்பவரைவிட மோசமாக ஏமாறுவார்.

எல்லாக் கடைக்கும் அக்ரூவல் முறை தேவையா என்றால், இல்லை. காலையில் பால் வாங்கி இரவுக்குள் விற்றுமுடிக்கும் டீக்கடையில் இரண்டு முறைகளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் தரும். தனிநபர் வியாபாரிக்கு வருமானவரிச் சட்டமும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து தொடர்ந்து பின்பற்ற அனுமதிக்கிறது. கம்பெனிகளுக்கு மட்டும் 2013 கம்பெனிகள் சட்டப்படி அக்ரூவல் கட்டாயம். நடைமுறையில் பல கடைகளில் இருப்பது இரண்டும் கலந்த மூன்றாவது முறை: விற்பனையைப் பில் போட்ட அன்றும், செலவைப் பணம் கொடுத்த அன்றும் எழுதுவது. இந்தக் கலப்பு முறையை வருமானவரிச் சட்டம் 1996-97 நிதியாண்டு முதல் ஏற்பதில்லை. கடனுக்கு வாங்கிய சரக்கின் விலையை மறைத்து லாபத்தை ஊதிக்காட்டுவதால் கடைக்காரருக்கும் அது உதவாது. அட்வான்ஸ், பாக்கி, தேங்கும் சரக்கு ஆகிய மூன்றில் ஒன்று உங்கள் கடையில் இருந்தாலும், இந்த மார்ச் 31-க்குள் அட்வான்ஸ் தொகைகளை விற்பனையிலிருந்து பிரித்துத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.